பெராக்சைடு: பாக்கெட்டில் இல்லை, கிண்ணத்தில் உண்டு

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் டை பாக்கெட்டுகளில் 'அமோனியா இல்லை, பெராக்சைடு இல்லை' என்ற வாசகம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அமோனியாவையாவது மூக்கு கண்டுபிடித்துவிடும். பெராக்சைடு என்னவென்று கேட்டால் 'ஏதோ கெமிக்கல்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சொல்லைப் பிரித்தால் பெர், ஆக்சைடு. லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, முற்றமுழுக்க என்று பொருள். ஓர் உலோகத்துக்குப் பல ஆக்சைடுகள் இருந்தால், அதிக ஆக்சிஜன் கொண்டதற்கு 19ஆம் நூற்றாண்டு வேதியியலார் இந்த முன்னொட்டைச் சேர்த்தார்கள். இன்றைய பொருள் இன்னும் குறுகியது: இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் சேர்மம்தான் பெராக்சைடு. அந்தப் பிடி வலுவற்றது. அது சுலபமாக அறுவதால்தான் பெராக்சைடு பக்கத்தில் இருப்பதன் மேலெல்லாம் ஆக்சிஜனை ஏற்றுகிறது.

1818இல் பேரியம் பெராக்சைடை அமிலத்தோடு சேர்த்து ஹைட்ரஜன் பெராக்சைடை முதலில் எடுத்துக்காட்டியவர் பிரான்சு நாட்டு வேதியியலார் தெனார். 'ஆக்சிஜன் ஏற்றிய நீர்' என்ற பொருளில் அவர் வைத்த பெயர் பிரெஞ்சு மொழியில் இன்றும் புழங்குகிறது. H₂O₂ என்ற வாய்பாட்டைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும்: தண்ணீரைவிட ஓர் ஆக்சிஜன் அதிகம்.

தமிழில் என்ன சொல்வது? நம் பாடப்புத்தகங்கள் பெராக்சைடு என்றே எழுதுகின்றன. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'மேல்', 'மிகை' என்று ஒட்டிப் புதுச்சொல் செய்தால் வேறு ஆக்சைடுகளோடு குழம்பும். ஆனால் அது செய்கிற வேலைக்கு நல்ல தமிழ்ச்சொல் அதே புத்தகங்களில் இருக்கிறது: ஆக்சிஜனேற்றி. பார்லரில் 'டெவலப்பர்' என்பதும் இதைத்தான். '20 வால்யூம்' என்றால் ஒரு லிட்டர் கரைசலிலிருந்து 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்று கணக்கு. ஏறக்குறைய 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. டை பாக்கெட்டைப் பார்த்து 'பெராக்சைடு இருக்கிறதா' என்று கேட்பதைவிட 'இதில் ஆக்சிஜனேற்றி எது' என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

வழக்கமான நிரந்தர டையில் அதற்கு இரண்டு வேலை. முடிக்குள் இருக்கும் மெலனின் நிறமியைச் சிதைத்து முடியை வெளுக்கச் செய்வது ஒன்று. மற்றது, முடிக்குள் நுழைந்த நிறமற்ற சின்ன மூலக்கூறுகளைக் கோத்துப் பெரிய நிற மூலக்கூறாக்குவது. பெரிதாகிவிட்டால் வெளியே வர முடியாது, அதனால் சாயம் நிற்கிறது. அந்தச் சின்ன மூலக்கூறுகளில் தலையானது பாரா ஃபினைலீன் டைஅமீன், சுருக்கமாக பி.பி.டி.

அம்மாப்பேட்டையில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு பார்லரில் டை அடித்தபின் நெற்றியோரம் அரிப்பு. 'பெராக்சைடு ஒத்துக்கலை போல' என்று யாரோ சொல்ல, அடுத்த முறை பெராக்சைடு இல்லாத கறுப்பு மருதாணிப் பொடி வாங்கினார். தண்ணீரில் குழைத்துத் தடவி அலசியதும் நல்ல கறுப்பு. இரண்டாம் நாள் காலையில் கண் இமை திறக்க முடியாத வீக்கம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். பொடி எழுத்தில் மருதாணி, பி.பி.டி., சோடியம் பெர்போரேட், சிட்ரிக் அமிலம் என்று இருந்தது.

பெர்போரேட் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளிவிடும். பாக்கெட்டுக்குள் பொடியாக இருந்தவரை 'இல்லை' என்பது சொல்லளவில் உண்மை. கிண்ணத்தில் குழைத்த நிமிடத்தில் அது பொய்யாகிவிட்டது. சோடியம் பெர்கார்பனேட்டும் அப்படியே. சில பொடிகளில் தெனார் எடுத்துக்கொண்ட அதே பேரியம் பெராக்சைடே இருக்கும். ஆக, பட்டியலில் 'பெர்' என்று வரும் பெயர்களில் கண் நிற்கட்டும். (பெர்ஃப்யூமிலும் அதே லத்தீன் 'பெர்'தான், புகையினூடாக என்று பொருள். அதை விட்டுவிடலாம்.)

அதைவிட முக்கியம், அக்காவுக்கு ஒவ்வாதது பெராக்சைடே இல்லை. பார்லர் டையிலும் பொடியிலும் பொதுவாக இருந்தது பி.பி.டி. பெராக்சைடு உச்சந்தலையை எரிக்கலாம், முடியை வறட்டலாம். ஆனால் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து இமை வீங்குவது பி.பி.டி. ஒவ்வாமையின் அடையாளம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும், அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பி.பி.டி. உள்ள டைகளில் இந்த முன்சோதனையையும், புருவத்துக்கும் இமைமுடிக்கும் போடக்கூடாது என்ற எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம்.

பெராக்சைடு எந்த வடிவிலும் இல்லாத சாயங்களும் உண்டு. ஆனால் அவற்றால் முடியை வெளுக்க முடியாது. கருகருவென்ற முடியை பழுப்பாகவோ பர்கண்டியாகவோ மாற்ற, மெலனின் முதலில் குறைய வேண்டும்; அதைக் குறைக்க ஆள் இல்லாதபோது, அட்டைப்படத்தில் உள்ள நிறம் நரைமுடியில் மட்டும்தான் ஏறும். கறுப்பு முடியில் வெயிலில் நின்றால் ஒரு செம்மை தெரியும், அவ்வளவே. ஏற்கெனவே சாயமாக இருக்கிற மூலக்கூறுகளை முடியின் மேல் ஒட்டவைக்கும் தற்காலிக டைகளோ, தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கரைந்துபோகும்.

மிஞ்சுவது மருதாணியும் அவுரியும். மருதாணியின் நிறப்பொருளான லாசோன் ஆக்சிஜனேற்றி எதுவும் கேட்காமல் முடியின் புரதமான கெரட்டினோடு நேரடியாகப் பிணைகிறது, ஆனால் தருவது செம்மஞ்சள் மட்டுமே. கறுப்பு வேண்டுமென்றால் அதன்மேல் அவுரி போட வேண்டும். அவுரி இலையில் நீலம் நேரடியாக இல்லை. தண்ணீரில் ஊறும்போது நிறமற்ற ஒரு பொருள் பிரிந்து, காற்றுப் பட்டு நீலமாகிறது. இங்கே ஆக்சிஜனேற்றி காற்றுதான்.

தோள்வரை முடிக்கு மருதாணி 100 கிராம். சேலத்துச் சித்திரை வெயிலில் குழைத்த விழுது இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் விட்டுவிடும். ஏற்காட்டுக் குளிரில் அதற்கு ராத்திரி முழுக்க ஆகும். அதுவரை பொறுக்காமல் அவசரப்பட்டுத் தடவிவிட்டுத்தான் ஏற்காட்டுக்காரர்கள் 'மருதாணி பிடிக்கவில்லை' என்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் தலையில் வைத்து அலசியபின் அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, அரைமணிக்குள் தடவிவிட வேண்டும். வைத்திருந்தால் நீலம் கிண்ணத்திலேயே முடிந்துபோகும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அலசும்போது நரை பச்சையாகத் தெரிந்தால் பதறி, மேலே டை பாக்கெட்டைக் கொட்ட வேண்டாம். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும், அதுவரை ஷாம்பூ கூடாது.

நாட்டு மருந்துக்கடையில் ஒரு எச்சரிக்கை. 'அவுரி' என்ற பெயர் பேதிக்குச் சாப்பிடும் நிலாவாரைக்கும் சில இடங்களில் வழங்குகிறது. இரண்டு பொடியும் பச்சை. ஒரு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் கால்மணி வையுங்கள். மேற்பரப்பில் கருநீல ஏடு படர்ந்தால் சாய அவுரி. பச்சையாகவே கிடந்தால் நிலாவாரையாக இருக்கலாம், பழைய சரக்காகவும் இருக்கலாம். எதுவானாலும் நரையைக் கறுப்பாக்காது.