முகத்தைத்தான் மறைத்துவிட்டோமே என்கிறவர்களுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தருமபுரியில் இருக்கிற என் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் தன் தம்பியோடு வந்தார். தான் சிகிச்சை எடுத்த கிளினிக்கின் விளம்பரத்துக்காகப் பேசிய ஒரு வீடியோவைப் போனில் காட்டி, “இதை நீங்கதான் எடுத்தீங்களாண்ணா? எப்படியாவது அழிச்சுடுங்க” என்றார். நான் எடுத்ததில்லை. கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு பையன் செல்போனில் எடுத்தது. ஆனால் இப்படிக் கேட்டு ஒருவர் என் கடைப்படி ஏறுவது இந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை. இனியும் சும்மா இருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் நோய், தொழில், ஊர் மூன்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சரி என்ற பிறகுதான் இது வெளியே வருகிறது.

வீடியோ மொத்தம் 48 விநாடி. கிளினிக் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுகிறார். முகத்தின் மேல் வட்டமாக ஒரு மங்கல் போட்டிருக்கிறார்கள். “ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் தும்மினா, சிரிச்சா சிறுநீர் கசியும். தையல் மெஷினை மிதிக்கவே பயமா இருக்கும். இங்க டாக்டரம்மா சொன்ன பயிற்சி செஞ்சேன், இப்ப நல்லா இருக்கு” என்கிறார். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. அதில் அச்சடித்த எழுத்தில் பாதி மடிப்புக்குள் போயிருக்கிறது. மீதிப் பாதியில் ‘டெய்லர்ஸ், காரிமங்கலம்’ என்று தெளிவாகத் தெரிகிறது.

கிளினிக் அதை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டது. நான்காம் நாள், ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, “இப்ப பரவாயில்லையா உனக்கு?” என்று கேட்டிருக்கிறார். கேலி எதுவும் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். “திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேண்ணா. எல்லாரும் பாவம்னு பார்க்கிறாங்க” என்றார் இந்தப் பெண்.

கிளினிக்குக்கு நானே போன் போட்டேன். அன்றைக்குச் சாயந்திரமே வீடியோவை எடுத்துவிட்டார்கள், அது நல்ல விஷயம். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் மேனேஜர் சொன்னார்: “முகத்தைத்தான் மறைச்சுட்டோமே சார், கையெழுத்தும் வாங்கியிருக்கோமே.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

முகத்தை மங்கலாக்குவது டிவி செய்தியைப் பார்த்து வந்த பழக்கம். அங்கே பார்க்கிறவர்கள் எங்கோ இருக்கிற லட்சக்கணக்கான அந்நியர்கள். அந்நியருக்கு முகம் தெரியாவிட்டால் ஆள் தெரியாது. உங்கள் கிளினிக் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் யார்? காரிமங்கலத்திலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருக்கிறவர்கள். அதே பஸ்ஸில் வருகிறவர்கள், அதே சந்தையில் காய் வாங்குகிறவர்கள், அந்தப் பெண்ணின் நாத்தனார், எதிர்வீட்டுக்காரர். அவர் யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறாரோ, அவர்களுக்கு முகமே வேண்டாம். குரல் போதும். உட்காரும் விதம் போதும். போன கல்யாணத்துக்குக் கட்டிய புடவை போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் அம்மா பேசுகிற ஒரு வீடியோவை எடுத்து, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடவிட்டுப் பாருங்கள். எத்தனை விநாடியில் அம்மா என்று தெரிந்தது? ஊரில் இருப்பவர்களுக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

சரி, எடிட்டிங்கில் போடுகிற மங்கலாவது ஒழுங்காக நிற்கிறதா? தலை சட்டென்று திரும்பும்போது வட்டம் ஒரு கணம் பின்தங்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, சரியான இடத்தில் நிறுத்தினால் முகம் முழுசாகத் தெரியும். குரலைக் கட்டையாக மாற்றுகிறார்கள். சுருதியை இறக்கிய குரலை மறுபடி ஏற்றிக் கேட்பது எங்கள் வேலையில் இருக்கிற எவருக்கும் இரண்டு நிமிஷ வேலை. இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மங்கல் போடாத மூல வீடியோ எங்கே? அந்தப் பையனின் போனில். அவன் போன் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கும். வேலையை விட்டுப் போனாலும் அவனோடு அது போகும். நான் கேட்டபோது மேனேஜருக்கு இது தோன்றியே இருக்கவில்லை.

அதனால் மறைப்பதாக இருந்தால் கேமராவிலேயே மறைத்துவிட வேண்டும். நான் செய்வது இதுதான். ஜன்னலுக்கு முன்னால் நோயாளியை முக்கால்வாசி ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுவேன். ஆள் கறுப்பு உருவமாக மட்டும் விழுவார். ஐந்து விநாடி எடுத்துவிட்டு அதே கிளிப்பில் பிரகாசத்தை முழுக்க ஏற்றிப் பார்ப்பேன். கண்ணோ மூக்கோ எழும்பி வந்தால் அழித்துவிட்டு இன்னும் இருட்டாக எடுப்பேன். இல்லையென்றால் கைகளை மட்டும் எடுப்பேன். அப்போது வளையல், மோதிரம், பச்சை குத்திய பெயர் எல்லாம் பார்க்க வேண்டும். குரலுக்கு, அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வேறொருவரை வாசிக்கச் சொல்லி, ‘அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கிறார்’ என்று திரையில் போட்டுவிடுவேன். உணர்ச்சி போய்விடும் என்று டாக்டர்கள் வருத்தப்படுவார்கள். விரல்கள் புடவைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதை ஒருமுறை பெரிய திரையில் பாருங்கள், அந்தக் கவலை இருக்காது.

அடுத்தது கையெழுத்து. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டது உண்மைதான். எப்போது போட்டார் தெரியுமா? பரிசோதனை முடிந்து, டாக்டர் மேஜைக்கு முன்னால், மாத்திரைச் சீட்டு கைக்கு வருவதற்கு முன். “டாக்டரம்மா கேட்டாங்க, எப்படிண்ணா முடியாதுன்னு சொல்றது?” இதைச் சம்மதம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தானாக மனமுவந்து, எதற்கு என்று தெரிந்து கொடுப்பதைத்தான் சம்மதம் என்கிறது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது.

தயவுசெய்து, சிகிச்சை முடிந்த பிறகு கேளுங்கள். சிகிச்சை கொடுத்தவர் கேட்க வேண்டாம். படிவம் தமிழில் இருக்கட்டும், வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்திருக்கட்டும். முகம், குரல், பெயர், ஊர், நோய் என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். கிளினிக் டிவியில் மட்டுமா, யூடியூபிலா, வாட்ஸ்அப்பிலா என்பதற்கும் தனிக் கட்டம் வேண்டும். எத்தனை நாளுக்கு என்பதையும் எழுதுங்கள். நான் ஒரு வருஷம் என்று போடுவேன். வாட்ஸ்அப்பில் ஒருமுறை போனால் என்னால் திரும்பப் பிடிக்க முடியாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்டதும் பாதிப் பேர் கிளினிக் டிவியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கேமரா இல்லாமல், படப்பிடிப்புக்கு முன்பே 15 நிமிஷம் போனில் பேசுவேன். மற்ற கேள்விகள் எப்படியும் மாறும், ஒன்றை மட்டும் விடமாட்டேன்: “இந்த விஷயம் தெரியக் கூடாதவங்க யாராவது இருக்காங்களாம்மா?” மாமியார் என்பார்கள், முதலாளி என்பார்கள், பொண்ணு பார்க்க வரப்போகிறவர்கள் என்பார்கள். பதில் வந்த நிமிஷமே திட்டம் மாறும். சிலருக்கு, “வேண்டாம்மா, இதை எடுக்காமலே விட்டுடலாம்” என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தத் துணிப்பைப் பெண்ணிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் தன் கடை வாடிக்கையாளர்கள் என்று சொல்லியிருப்பார்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் நோயாளி பிடிக்க விளம்பரம் செய்வதையே தடுக்கின்றன. நோயாளியின் ரகசியத்தைக் காக்கவும் சொல்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகள், நோயாளிகளின் பாராட்டை சமூக ஊடகத்தில் டாக்டர்கள் பகிரக் கூடாது என்றே சொல்லின. அவை அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள். “முழுசா குணமாயிடுச்சு” என்று நோயாளியைச் சொல்லவைக்கச் சொன்னால் நான் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பயம் என்னவாக இருந்தது, எந்த வேலை செய்ய முடியவில்லை, இப்போது எது முடிகிறது, இவ்வளவு கேட்டால் போதும்.

இடத்தைப் பற்றி. வரவேற்பறை வேண்டவே வேண்டாம். மதிய ஓபி முடிந்து 2 மணிக்கு மேல், உள்ளே தள்ளி ஒரு அறை. முதலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று கேட்பேன். மின்விசிறி, ஃபிரிட்ஜ், பஸ் ஹாரன் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். அப்புறம் சுவர் முழுக்க ஒரு பார்வை. டோக்கன் பலகை, பெயர் எழுதிய ஃபைல், ஸ்கேன் கவர், திறந்து கிடக்கிற கம்ப்யூட்டர், கண்ணாடி அலமாரியில் விழுகிற பிம்பம், எல்லாவற்றையும் அகற்றிவிட்டுத்தான் நாற்காலி போடுவேன். சுழல் நாற்காலி கூடாது, பதற்றத்தில் ஆடிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் மேஜை கூடாது. டாக்டர் அறையில் இருக்கக் கூடாது. கேமரா ஆறடி தள்ளி, கண் மட்டத்தில். நான் லென்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவேன், அவர் என்னைப் பார்த்தால் போதும். ரெகார்டிங் ஓடுகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன். முதல் ஐந்து நிமிஷம் மழை, தக்காளி விலை, பேரக்குழந்தை. அரை மணி நேரம் எடுத்தால் 60 விநாடி தேறும்.

எடிட் முடிந்ததும் நோயாளிக்குப் போட்டுக் காட்டி, இரண்டாவது கையெழுத்து வாங்குவேன். அது இல்லாமல் கிளினிக்குக்கே ஃபைல் போகாது. போன வாரம் மூட்டு வலிக்குச் சிகிச்சை எடுத்த ஒரு பெரியவர் மகளோடு வந்து என் லேப்டாப்பில் பார்த்தார். முகம் காட்டச் சம்மதித்தவர்தான். இரண்டு முறை பார்த்துவிட்டு, “தம்பி, பையன் பணம் அனுப்பலன்னு சொல்ற அந்த இடம் மட்டும் வேண்டாம்பா” என்றார். நான்கு விநாடி. அந்த இடத்தை வெட்டி, அவர் முன்னாலேயே மூல ஃபைலிலும் அந்தப் பகுதியை நீக்கினேன். மறுபடி முழுசாகப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.