காய்ச்சலும் பாய்ச்சலும்: ஓர் ஆய்வுக் கட்டுரை ஆட்சியரின் மேசைக்குப் போகும் வழி

கார் பருவத்தில் பாபநாசம் அணை நிரம்பாத வருடம், தாமிரபரணிப் பாசனத்தில் பழைய கேள்வி ஒன்று திரும்ப வரும்: நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கத்தான் வேண்டுமா? கொஞ்சம் காயவிட்டு, பிறகு பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் என்ன? இதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகள் நிறையவே உண்டு. ஆனால் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உட்கார்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவற்றைப் படித்து முடிவெடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருக்கு வேண்டியது ஒரு பக்கக் குறிப்பு. அதில் “இதைச் செய்யுங்கள்” என்று ஒரே ஒரு பரிந்துரை. அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது என்பதை ஓர் உண்மையான கட்டுரையை வைத்தே பார்க்கலாம்.

2017-இல் ஃபீல்ட் கிராப்ஸ் ரிசர்ச் என்ற ஆய்விதழில் கரிஜோ, லண்டி, லின்குவிஸ்ட் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை அது. உலகம் முழுவதும் நடந்த 56 ஆய்வுகளிலிருந்து, தண்ணீர் தேக்கிய வயலையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்ட வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த 528 ஒப்பீடுகளைத் திரட்டினார்கள். சுருக்கத்தில் முதலில் வரும் முடிவு: காய்ச்சலும் பாய்ச்சலும் விளைச்சலைச் சராசரியாக 5.4 சதவீதம் குறைக்கிறது.

அவசரமாகக் குறிப்பு எழுதுகிறவர் இந்த எண்ணை அப்படியே மேலே போட்டுவிடுவார். அதோடு விஷயம் முடிந்தது. விளைச்சல் குறையும் என்று எழுதிய ஒன்றை எந்த அதிகாரியும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல மாட்டார். இன்னொருவர் நேர்மாறாக, தண்ணீர் 23.4 சதவீதம் மிச்சம் என்ற எண்ணை மட்டும் உருவி எடுப்பார். இரண்டும் கட்டுரையில் உள்ளவைதான், ஆனால் இரண்டும் பாதிதான்.

ஏனென்றால் அந்த 5.4-க்குள் இரண்டு வேறு வேறு கதைகள் கலந்து கிடக்கின்றன. மண்ணை அளவுக்கு மீறிக் காயவிட்ட வயல்களில் இழப்பு 22.6 சதவீதம். தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ.க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்ட வயல்களில், பெரும்பாலான சூழல்களில், விளைச்சல் குறைந்ததாக உறுதிப்படவில்லை. தண்ணீர் 23.4 சதவீதம் மிச்சமானது இந்த இரண்டாவது வகையில்தான். அதாவது அதிகாரிக்குத் தெரிய வேண்டியது சராசரி அல்ல, எல்லைக்கோடு. எங்கே நிறுத்தினால் பிழைக்கிறோம், எங்கே தாண்டினால் அடி விழுகிறது என்பதுதான் குறிப்பின் முதுகெலும்பு. ஆய்வுக் கட்டுரையிலிருந்து குறிப்பு எழுத உட்காரும்போது நான் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒரு கோட்டைத்தான். அது கிடைக்காத கட்டுரையிலிருந்து பரிந்துரை எழுதாமல் இருப்பது நல்லது.

சரி, கோடு கிடைத்துவிட்டது. அதைக் கட்டுரை கிலோபாஸ்கல் கணக்கிலும் சொல்கிறது, மண்ணின் ஈர இழுவிசையை அளக்கும் அலகு அது. வரப்பில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 15 செ.மீ. என்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அளவுகோலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. அதன் நெறிமுறையில் இன்னொன்றும் உண்டு: பூக்கும் சமயத்தில் வயலைக் காயவிடக் கூடாது.

அடுத்ததாக வருவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கட்டுரையின்படி, கார அமில நிலை 7-உம் அதற்கு மேலும் உள்ள மண்ணிலும், கரிமம் 1 சதவீதத்துக்குக் குறைவான மண்ணிலும் இழப்பு அதிகம். நம் வேளாண்மைத் துறையிடம் மண்வள அட்டை இருக்கிறது, அதில் இரண்டும் பதிவாகியிருக்கும். ஆகவே கரிமம் ‘அதிகம்’ என்று அட்டை சொல்லும் வயல்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் நம் மண் பரிசோதனையில் கரிமம் 0.75 சதவீதத்தைத் தாண்டினாலே ‘அதிகம்’தான். அட்டை பாராட்டும் வயலே ஆய்வின் 1 சதவீதத்துக்குக் கீழே கிடக்கலாம். எண்ணைப் பார்க்காமல் தர வரிசையை மட்டும் பார்த்து எழுதிய குறிப்பு, இழப்பு வரக்கூடிய வயலையே பத்திரமான வயல் என்று காட்டிவிடும். அதனால் குறிப்பில் ‘அதிகம்’, ‘நடுத்தரம்’ என்ற வார்த்தைகள் வேண்டாம். எண்ணையே எழுதி, நம் வயல்கள் பலவும் அதற்குக் கீழே இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பரிந்துரையும் தானாகவே அடக்கமாகிறது. மாவட்டம் முழுக்க அமல்படுத்துங்கள் என்று கேட்க முடியாது, ஓரிடத்தில் செய்து பாருங்கள் என்று கேட்கலாம்.

எந்த இடம்? தனி விவசாயியின் வயலாக இருக்க முடியாது. கால்வாய்ப் பாசனத்தில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்துதான் போகிறது. மேல் வயல்காரர் காயவிட்டால் கீழே உள்ளவர் காய்ந்துபோவார், கீழே உள்ளவருக்கு நடவு என்றால் மேலே காயவே விடமாட்டார்கள். ஆகவே அலகு என்பது ஒரு மடை, அதன் கீழுள்ள வயல்கள் மொத்தமும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்வளத் துறை, குழாயும் மண்வள அட்டையும் வேளாண்மைத் துறை. இரண்டு துறைக்கும் சேர்த்து உத்தரவிடக்கூடியவர் ஆட்சியர். குறிப்பு யாருக்கு என்ற கேள்விக்கு விடை இப்படித்தான் கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு பரிந்துரையின் வாசகம் இது:

“வரும் கார் பருவத்தில், கோடகன் கால்வாயின் ஒரு மடைக்குக் கீழுள்ள எல்லா நெல் வயல்களிலும், நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு பூக்கும் பருவம் தவிர மற்ற நாட்களில், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் தண்ணீர் விடும்படி மடைத் திறப்பை அமைத்து, பக்கத்து மடையின் விளைச்சலோடு ஒப்பிட நீர்வளத் துறைக்கும் வேளாண்மைத் துறைக்கும் உத்தரவிடலாம்.”

நீளமான வாக்கியம்தான். ஆனால் யார், எங்கே, எப்போது, என்ன என்று எல்லாம் அதற்குள் இருக்கிறது. இதையே பக்கத்தின் உச்சியில் வைக்க வேண்டும். ஆய்வுப் பின்னணியை அதற்குக் கீழே ஒரு பத்தியிலும், மண் பற்றிய எச்சரிக்கையை இன்னொரு பத்தியிலும் சொன்னால் போதும்.

இன்னொரு ஆசையை அடக்க வேண்டும். தாமிரபரணிப் பாசனப் பரப்பு சுமார் 86,000 ஏக்கர், அதோடு 23.4 சதவீதத்தைப் பெருக்கினால் கண்ணைப் பறிக்கும் மிச்சக் கணக்கு வரும். அது பொய்க் கணக்கு. வயலில் மிச்சம் என்பது வேறு, ஆற்றில் மிச்சம் என்பது வேறு. மேல் வயலில் ஊறி வழிகிற நீரில் ஒரு பகுதி கீழே குளத்துக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேர்கிறது, கடைமடைக்காரர் அதை நம்பித்தான் பயிர் வைக்கிறார். ஆகவே சோதனையில் மடைக்குள் போகும் நீரை மட்டும் அளந்தால் போதாது, வடிகாலில் வெளியே போவதையும் அளக்க வேண்டும். பொறியாளர் எழுப்பப்போகும் முதல் ஆட்சேபமும் இதுவாகத்தான் இருக்கும், அவர் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் எழுதிவிடலாம்.

காலமும் முக்கியம். காருக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூனில். குறிப்பு ஜூனில் போனால் மடைகள் திறந்திருக்கும், நாற்று விட்டிருப்பார்கள். ஏப்ரலில் போனால்தான் மடையைத் தேர்ந்தெடுத்து, விவசாயிகளிடம் பேசி, குழாய் வாங்க நேரம் இருக்கும்.