எச்சத்தில் நிறுத்தி, முற்றில் சிரிக்கவைப்பது

கீழே இருக்கும் இரண்டு வாக்கியங்களும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

“சித்தப்பாவுக்கு நடைப்பயிற்சியில் ஆர்வம் இல்லாததால், காலை ஐந்து மணிக்கு எழுந்து ஷூ போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாலும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார்.”

“சித்தப்பா காலை ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவி, ஷூ போட்டுக்கொண்டு, வாசலில் கைகால்களை உதறி, வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.”

முதலாவதைப் படிக்கும்போது ஒரு தகவல் கிடைக்கிறது. இரண்டாவதில் உதட்டோரம் ஒரு சிரிப்பு வருகிறது. ஆள் அதே ஆள், செயலும் அதே செயல், ஏன், கடைசிச் சொல்கூட அதேதான். எது எப்போது வாசகருக்குத் தெரியவருகிறது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. மேடையில் பேசுகிறவர் ஒரு கணம் நிறுத்தலாம், கூட்டத்தைப் பார்க்கலாம், குரலைத் தாழ்த்தலாம். எழுதுகிறவரிடம் இதில் ஒன்றும் கிடையாது. வாசகர் தன் வேகத்தில் படித்துக்கொண்டு போவார். அவர் கையில் இருக்கும் கடிகாரத்தை நாம் இயக்க ஒரே வழி, சொற்களை அடுக்கும் வரிசை.

அந்த வரிசை ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? நாம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, அப்புறம் பொருள் தேடுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் படிக்கும்போதே, அடுத்து என்ன வரும் என்று மனம் ஆயத்தமாகிறது. “ஷூ போட்டுக்கொண்டு” என்றதும் ஒரு காட்சி கூடிவிடுகிறது: விடியற்காலை, தெரு, வேகமாக நடக்கும் ஒரு மனிதர். “கைகால்களை உதறி” அதை உறுதி செய்கிறது. “பார்த்துவிட்டு” என்ற இடத்துக்கு வரும்போது “கிளம்புவார்” என்ற சொல் ஏறக்குறைய மனதில் எழுதப்பட்டுவிட்டது. திசைதிருப்பல் என்பது இதுதான். எழுதியவர் பொய் எதுவும் சொல்லவில்லை. வாசகரே தன் அனுபவத்திலிருந்து அந்தக் காட்சியைக் கட்டிக்கொண்டார்.

இந்த முன்னாயத்தத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். 1980இல் மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். சில வாக்கியங்களின் கடைசிச் சொல் பொருந்தாததாக இருந்தது. சூடான ரொட்டியின் மேல் ஒருவன் காலுறையைத் தடவுவதாக முடியும் ஆங்கில வாக்கியம் அவற்றில் பேர்போனது. அந்தச் சொல் தோன்றி சுமார் 400 மில்லிவிநாடியில் மூளையின் மின்பதிவில் ஓர் எதிர்மின் அலை எழுந்தது. எதிர்மின்னைக் குறிக்கும் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் கால அளவும் சேர்ந்து அதற்கு என்-400 என்று பெயர் வந்தது.

ஆனால் காலுறை தடவிய ரொட்டி சிரிப்பை வரவழைக்கும் நகைச்சுவை அல்ல. திகைப்பு இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நகைச்சுவையில் இன்னொரு படி வேண்டும். ஜெர்ரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972இல் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்: முதலில் எதிர்பார்ப்பு உடைகிறது, பிறகு அந்த உடைசல் வேறொரு கணக்கில் சரியாகப் பொருந்திவிடுகிறது. சித்தப்பா “வானத்தைப் பார்த்துவிட்டு உருகிவிடுவார்” என்று முடித்திருந்தால் முதல் கட்டம் மட்டும் நடக்கும். “படுத்துக்கொள்வார்” என்றதும் மனம் பின்னோக்கி ஓடுகிறது. அவர் வானத்தைப் பார்த்தது மழைக்காக. மழை வந்தால் நல்லது என்று பார்த்திருக்கிறார். ஷூ, உதறல், முகம் கழுவல் எல்லாம் தனக்குத் தானே காட்டிக்கொண்ட ஒப்பனை. அதே சொற்கள் வேறு கதையாக மாறிவிட்டன. 2001இல் கோல்சன் என்ற ஆய்வாளரும் குடாஸும் செய்த ஆய்வில், ஒரே வாக்கியத்தை ஒரு முறை நகைச்சுவைச் சொல்லாலும், இன்னொரு முறை அதே அளவு எதிர்பாராத சாதாரணச் சொல்லாலும் முடித்துக் காட்டினார்கள். நகைச்சுவை பிடிபட்டவர்களின் மின்பதிவில் 500 மில்லிவிநாடிக்குப் பிறகும் அந்த இரண்டு முடிவுகளுக்கு இடையே வேறுபாடு நீடித்தது. காட்சியை மாற்றிக் கட்டும் வேலைக்கு நேரம் பிடிக்கிறது.

பஞ்ச் ஏன் கடைசியில் நிற்க வேண்டும் என்பதற்கு இந்த நேரம்தான் காரணம். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கண் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது என்பதை மார்செல் ஜஸ்டும் பாட்ரிசியா கார்ப்பென்டரும் 1980இல் கண்களின் அசைவைப் பதிந்து காட்டினார்கள். படித்ததை மூட்டைகட்டி வைக்க மனம் எடுத்துக்கொள்ளும் இடைவெளி அது. மேடைப் பேச்சாளருக்குக் கிடைக்கும் மௌனம், எழுத்தில் முற்றுப்புள்ளியின் அருகே கிடைக்கிறது. பஞ்சுக்குப் பின்னால் இன்னும் நாலு சொல் வைத்தால், மாற்றிக் கட்ட வேண்டிய நேரத்தில் வாசகர் அந்த நாலு சொல்லையும் படித்துக்கொண்டிருப்பார்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. எழுந்து, கழுவி, போட்டுக்கொண்டு, உதறி, பார்த்துவிட்டு: இவை எல்லாம் வினையெச்சங்கள். எச்சம் என்றாலே மிச்சம் இருக்கிறது, இன்னும் முடியவில்லை என்று பொருள். வேறொரு வினையைக் கேட்டுக்கொண்டே நிற்கும் சொல் அது. வாசகர் நடுவில் எங்கும் இளைப்பாற முடியாது. முற்று வந்தால்தான் வாக்கியம் நிற்கும். பில்டப்புக்கும் பஞ்சுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர்களை எச்சம், முற்று என்ற இலக்கணச் சொற்களுக்கு வெளியே நான் பார்த்ததில்லை. எச்சங்களை எத்தனை அடுக்கலாம்? மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால், இவர் எதற்கோ இழுக்கிறார் என்று வாசகருக்கு மணம் தட்டிவிடும்.

இனி, முதல் வாக்கியம் எங்கே ஒழுகியது என்று பார்க்கலாம். “ஆர்வம் இல்லாததால்” என்று காரணத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டது. சரி, அதை நீக்கிவிடுவோம். அப்போதும் “வந்தாலும்” என்பதில் இருக்கும் ‘ஆலும்’, வழக்கத்துக்கு மாறாக ஏதோ வரப்போகிறது என்று கை காட்டுகிறது. அதையும் மாற்றினால் “திரும்பி” நிற்கிறது. திரும்பிவிட்டார் என்று தெரிந்த பிறகு, படுத்தால் என்ன, பல் தேய்த்தால் என்ன? பெரிய ஓட்டைகள் எளிதில் கண்ணில் படும். ‘ஆலும்’, ‘ஆனால்’, ‘கூட’ போன்ற சின்ன ஒட்டுகளும் இணைப்புச் சொற்களும் எழுதியவர் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. “வேடிக்கை என்னவென்றால்” என்று தொடங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வினை கடைசியில் வருவது எப்போதும் வரம் அல்ல. வியப்பு ஒரு பெயர்ச்சொல்லில் இருந்தால் அதுவே இடைஞ்சல். காலுறை வாக்கியத்தைத் தமிழில் இயல்பாக எழுதினால் “ரொட்டியின் மேல் காலுறையைத் தடவினான்” என்றாகும். காலுறை முன்னால் வந்து வெடித்துவிடும், முற்றுப்புள்ளிக்கு அருகே “தடவினான்” என்ற காலிச் சொல் நிற்கும். இதற்குத் தமிழே ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறது. வினையைப் பெயராக்கி முன்னே தள்ளிவிடலாம்: “ரொட்டியின் மேல் அவன் தடவியது காலுறை.” இப்போது பொருள் கடைசிக்கு வந்துவிட்டது. இதை அடிக்கடி செய்தால் உரைநடை விடுகதை போல ஆகிவிடும். ஒரு பக்கத்தில் ஒரு முறை போதும் என்பது என் கணக்கு.

இதைவிட அடிக்கடி வரும் தொல்லை ‘என்றார்’. பேச்சை மேற்கோளாகக் கொடுத்துவிட்டு, பின்னால் சொன்னவரைச் சேர்ப்பது நம் பழக்கம். பஞ்ச் பேச்சில் இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு வால் முளைத்துவிடுகிறது:

“நேற்றுக் கூட்டத்தில் உங்களைப் பார்க்கவே இல்லையே?” என்று கேட்டார் மேலதிகாரி. “உங்களை எழுப்ப மனம் வரவில்லை சார்” என்று குமாஸ்தா பணிவாகப் பதில் சொன்னார்.

வராமல் போனதற்குச் சாக்கு வரும் என்று காத்திருக்கிறோம். “எழுப்ப” என்ற சொல்தான் தூங்கியது யார் என்று காட்டிக்கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அறையையும் நாற்காலியையும் தொங்கிய தலையையும் கற்பனை செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தில் சார், குமாஸ்தா, பணிவு, பதில் என்று கண் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி மாற்றலாம்:

மேலதிகாரி கேட்டார்: “நேற்றுக் கூட்டத்தில் உங்களைப் பார்க்கவே இல்லையே?”

குமாஸ்தா பணிவாக எழுந்து நின்றார். “சார், எழுப்ப மனம் வரவில்லை.”

‘சார்’ முன்னால் போய்விட்டது. பணிவும் பில்டப்பில் சேர்ந்து, மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்ற நினைப்புக்கு உரமூட்டுகிறது. “உங்களை” என்ற சொல் தேவையே இல்லை. யாரை என்பதை வாசகர் கண்டுபிடிக்க விட்டால்தான் சிரிப்பு அவருடையதாகும். பிடிவாதமாக விதியைப் பின்பற்றினால் “மனம் வராததால் எழுப்பவில்லை” என்று எழுதி, திறவுகோலை இன்னும் கடைசிக்குத் தள்ளலாம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். “எழுப்ப மனம் வரவில்லை” என்பது வாயில் புழங்கும் தொடர், ஒரே வீச்சில் உள்ளே போகிறது. யாரும் பேசாத வாக்கியத்தை ஒரு மனிதரின் வாயில் திணித்தால், வாசகர் முதலில் கவனிப்பது அந்தத் திணிப்பைத்தான்.

எழுதியவருக்குத் தன் வாக்கியம் ஒழுகுகிறதா என்று தெரியாது, முடிவு அவருக்கு முன்பே தெரியுமே. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கடைசிச் சொல்லைக் கையால் மூடிக்கொண்டு, அதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுத்து, என்ன வரும் என்று கேளுங்கள். விடுபட்ட சொல்லை நிரப்பச் சொல்லும் இந்த முறையை, ஒரு பகுதி எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளப்பதற்காக வில்சன் டெய்லர் 1953இல் உருவாக்கினார். நமக்கும் அது உதவும். கேட்டவர்கள் எல்லோரும் “கிளம்புவார்”, “நடப்பார்” என்று ஒரே பக்கம் சாய்ந்தால் திசைதிருப்பல் சரியாக நிற்கிறது. ஆளுக்கொன்று சொன்னால் பில்டப் இன்னும் காட்சியாகவில்லை. யாராவது “படுத்துக்கொள்வார்” என்றே சொல்லிவிட்டால், எங்கோ ஓர் ஒட்டு காட்டிக்கொடுத்திருக்கிறது. அப்புறம் கையை எடுங்கள். அவர் “ஏன்?” என்று கேட்டால், இரண்டாம் கதைக்கு வேண்டிய தடயம் முன்னால் போதுமான அளவு இல்லை. என் வாக்கியத்தில் அந்தத் தடயம் வானம். முதல் வரைவில் அது இல்லை, கேட்டவர் “உடம்பு சரியில்லையா?” என்றார்.

இன்னொன்று. பஞ்சுக்குப் பிறகு எதுவுமே வரக்கூடாது என்பதில்லை. வாசகர் மூச்சு விட்ட பின், பில்டப்பில் ஏற்கெனவே கிடந்த ஒரு பொருளை எடுத்து, ஒற்றைச் சொல்லாக வைத்தால் சிரிப்பு இன்னொரு முறை எழும். அதற்குத் தனி முற்றுப்புள்ளி வேண்டும். “ஷூவோடு படுத்துக்கொள்வார்” என்று ஒரே வாக்கியத்தில் சேர்த்தால், ஷூவோடு என்ற சொல் வரும்போதே காட்சி கலங்கிவிடும். பிரித்து வைத்துப் பாருங்கள்:

“…வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஷூவோடு.”