ஃப்ரிட்ஜ் படம் வந்தது, கேள்வி வரவில்லை

நேற்று இரவு ஏழே முக்காலுக்கு இன்னொன்று. வாட்ஸ்அப்பில் கதவு திறந்த ஃப்ரிட்ஜின் படம், மூன்று தட்டும் தெளிவாகத் தெரிகிறது. வணக்கம் இல்லை, கேள்வி இல்லை, ஒரு கேள்விக்குறிகூட இல்லை. இந்த வாரத்தில் இது நான்காவது. உணவு ஆலோசகராக இருப்பதால் ஃப்ரிட்ஜோடு நேரடியாகப் பேசுவேன் என்று நினைக்கிறார்கள் போல.

சரி, ஊகிக்கத்தான் வேண்டும். நிரம்பி வழியும் ஃப்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் "சரியாக வாங்கியிருக்கிறேனா" என்பது கேள்வி. ஒரே ஒரு பாத்திரத்தை முன்னால் இழுத்து வைத்து எடுத்திருந்தால், "இதை இன்னும் சாப்பிடலாமா". நேற்றைய படத்தில் இரண்டும் இல்லை, நேரமோ இரவு. அதனால் இரவுச் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டேன்.

படத்தில் இருந்தவை: ஐந்து முட்டை, வாடத் தொடங்கிய ஒரு கட்டு கீரை, தயிர், நறுக்கிய கேரட், வேகவைத்த பருப்பு, திறந்த கிண்ணத்தில் சோறு. நடுத்தட்டில் ஒரு பையில் பச்சைக் கோழிக்கறி. இப்படி வரும்போது நான் முதலில் தேடுவது சத்தை அல்ல, எது முதலில் கெடும் என்பதை. கீரை நாளைக்குத் தாங்காது, ஆகவே அது இன்றைக்கு. அதோடு முட்டை சேர்த்தால் புரதம் வந்துவிடும், பத்து நிமிட வேலை. "இன்று இரவு, இரண்டு பேருக்கு என்று வைத்துக்கொள்கிறேன். கீரையும் மூன்று முட்டையும் சேர்த்துக் கிளறுங்கள், பக்கத்தில் கேரட்டை வதக்கி வையுங்கள். சோறு எப்போது வடித்தது?" என்று அனுப்பினேன். என் ஊகத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது பழக்கம். தவறாக இருந்தால் அப்போதாவது வாய் திறப்பார்கள்.

பதில் வந்தது: "நேத்து மதியம் மேடம். ராத்திரிதான் உள்ளே வெச்சேன். வாசனை நல்லாத்தான் இருக்கு."

இந்த வாசனைப் பேச்சைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நாற்றத்தை உண்டாக்கும் கிருமி வேறு, வயிற்றைப் புரட்டும் கிருமி வேறு. அரிசியில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாகாது. சோறு பல மணி நேரம் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பார்க்க வெள்ளையாக, உதிரியாக, வாசனையோடுதான் இருக்கும். மூக்குக்கும் தெரியாது, உங்கள் கேமராவுக்கும் தெரியாது. படம் காட்டுவது சோறு இருக்கிறது என்பதை மட்டும்தான். அது அடுப்பங்கரையில் எட்டு மணி நேரம் கிடந்ததைக் காட்டாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வையுங்கள். இந்தச் சோற்றைக் கொட்டுங்கள் என்றேன்.

படம் நன்றாகக் காட்டிய ஒன்றும் உண்டு: கோழிக்கறிப் பைக்கு நேர் கீழே மூடாத கேரட். கறியின் நீர் ஒரு சொட்டு விழுந்தால் போதும். பச்சைக் கறி மூடிய டப்பாவில், கடைசித் தட்டில்தான் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொல்வது! அந்தக் கேரட்டைப் பச்சையாகத் தொடாதீர்கள், நன்றாக வேகட்டும் என்றும் எழுதினேன்.

அதன் பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. "கேரட் கடிக்க முடியாது மேடம். இன்னைக்குக் காலைல கடைவாய்ப் பல் எடுத்தாச்சு."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நான் முழுச் சாப்பாட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. கீரையைத் தண்டில்லாமல் பொடியாக நறுக்கி, மூடிவைத்துக் குழைய வேகவிட்டு, முட்டையை ஊற்றிச் சிறுதீயில் இளக்கமாக, ஆனால் பச்சையாக இல்லாமல் கிளறச் சொன்னேன். பருப்பு எப்போது வெந்தது என்று கேட்டேன். அன்று மதியம், ஆறியதும் உள்ளே போய்விட்டது. நல்லது, அதைக் கொதிக்கவிட்டு மசித்துக்கொள்ளலாம். கொஞ்சம் அரிசியைப் புதிதாகக் குழைய வடித்துத் தயிர் பிசையலாம். எல்லாம் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, மறுபக்கத்துப் பல்லால். உறிஞ்சுகுழல் மட்டும் வேண்டாம். உறிஞ்சினால் காயத்தில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடலாம். கோழிக்கறி? அன்றுதான் வாங்கியதாம். வீட்டில் மற்றவர்களுக்கு மறுநாளைக்குள் சமைக்கட்டும்.

தயவுசெய்து படத்தோடு ஒரு வரி எழுதுங்கள். யாருக்கு, எந்த வேளைக்கு, எதைச் சாப்பிடக் கூடாது, சமைத்தவை எப்போது சமைத்தவை. எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, குரல்பதிவு என்றாலும் கேட்கிறேன்.

இன்று காலை அவரிடமிருந்து மறுபடி ஒரு படம். காலிக் கிண்ணம், ஒரு ஸ்பூன். சாப்பிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.