நாற்பது வாய், ஒரே வணக்கம்: வகுப்பறையில் என்ன நடக்கிறது?

பர்மாவில் அரசுப் பள்ளி வகுப்பு ஒன்றில் காலையில் போய் நின்று பாருங்கள். ஆசிரியை வாசலில் தெரிந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, "மிங்...கலா...பா சயாமா..." என்று எல்லோரும் சேர்ந்து இழுத்துச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிகளில் 'குட்மார்னிங்' இருந்த இடத்துக்கு வந்த வணக்கம் இது. நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதைச் சொல்லித்தான் வளர்கிறார்கள். மார்ச் முதல் மே வரை பள்ளி விடுமுறை. அப்போது கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வந்தால், "வணக்...கம் ஐ...யா" என்று அதே இழுவையை அப்படியே கொண்டு வந்துவிடுவார்கள்.

இது எதற்கு என்று கேட்டால் மரியாதைக்கு என்பார்கள். புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்து பேரை வணங்கச் சொல்லும் ஊர் இது. மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நம் வீட்டிலும் சொல்கிறோம். சரி, அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு விநாடிக்குள் பிள்ளையின் உடம்பிலும் மூளையிலும் நடப்பதை அது சொல்வதில்லை.

முதலில் அந்த இழுவையைப் பார்ப்போம். பலர் அதைச் சோம்பல் என்று நினைத்துத் திருத்தப் பார்க்கிறார்கள். உண்மையில் அந்த இழுவை இல்லாமல் நாற்பது பேர் சேர்ந்து பேசுவது கடினம். ஒரு சத்தம் கேட்டு உடனே நாம் ஏதாவது செய்ய, எவ்வளவு வேகமாகச் செய்தாலும், ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு பிடிக்கும். சாதாரணப் பேச்சில் ஒரு அசை ஓடி முடிவதும் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தானும் சொல்லத் தொடங்கும் பிள்ளை, ஏறக்குறைய ஒரு அசை பின்தங்கிவிடும். அவனைக் கேட்டுச் சொல்பவன் இன்னும் ஒரு அசை. கடைசி பெஞ்சு வரை இப்படிப் போனால் வணக்கம் இரைச்சலாகிவிடும்.

அப்படி ஆவதில்லை. காரணம், பிள்ளைகள் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை, அடுத்த அசை எப்போது வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். தேர் வடம் பிடிப்பவர்கள் பக்கத்து ஆள் இழுப்பதைப் பார்த்துவிட்டா இழுக்கிறார்கள்? தாளம் உடம்புக்குள் போய்விடுகிறது. சேர்ந்து பேசுவதை ஆராயும் ஃபிரெட் கம்மின்ஸ் என்ற மொழி ஆய்வாளர், இரண்டு பேரிடம் ஒரே உரையைக் கொடுத்து ஒன்றாகப் படிக்கச் சொல்லி அளந்தார். அவர்களுக்கு இடையே இருந்த இடைவெளி சராசரியாக ஒரு விநாடியில் 25இல் ஒரு பங்குதான். கேட்டுப் பின்பற்றினால் இவ்வளவு நெருக்கம் கிடைக்காது.

இரண்டு பேருக்கு நடப்பது நாற்பது குழந்தைகளுக்கும் நடக்க உதவி வேண்டும். அந்த உதவிதான் இழுவை. அசையை இரண்டு மடங்கு நீட்டினால், ஒருவன் சற்று முந்தினாலும் பிந்தினாலும் அந்தப் பிசகு நீண்ட உயிரெழுத்துக்குள் கரைந்துவிடும். தொடங்குவதற்கு முன் வகுப்புத் தலைவன் குரல் கொடுக்கிறான், எல்லோரும் எழுகிறார்கள், ஒரு மூச்சு இழுக்கிறார்கள். அந்த மூச்சுதான் தொடக்கக் குறி. ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கவனித்தால் இது தெரியும். அவர்கள் மற்றவர்களோடு மூச்சு இழுக்க மாட்டார்கள், சத்தம் வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அவர்களுடைய 'மா' மட்டும் எல்லோரும் முடித்த பிறகு தனியாகக் கேட்கும். நாளடைவில் அந்த வால் மறைந்துவிடும்.

அப்புறம் எழுந்து நிற்பது. உட்கார்ந்திருப்பவர் எழும்போது ரத்தம் கால்களை நோக்கி இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிந்தைய வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளைக்கு இந்தச் சிறு தட்டல் உதவும். ஆனால் அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது கைகட்டல்தான் என்பேன். கையைக் கட்டவேண்டுமென்றால் பென்சிலைக் கீழே வைத்தாகவேண்டும், பக்கத்துப் பையனின் சட்டையை விட்டாகவேண்டும். பேசிக்கொண்டிருந்த வாய் வணக்கம் சொல்லப் போய்விட்டது. "சத்தம் போடாதே" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், முந்தைய வேலை அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே இந்தச் சடங்கு நன்றாக நடந்ததா என்று பார்க்க வணக்கத்தின் சத்தத்தை அளக்க வேண்டாம். கடைசி அசைக்குப் பிறகு ஒரு விநாடி அமைதி விழுகிறதா என்று பாருங்கள். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே முதுகைக் காட்டி "உட்காருங்கள்" என்று சொல்லும் ஆசிரியருக்கு அந்த அமைதி கிடைக்காது.

சேர்ந்து சொல்வதால் பிள்ளைகளுக்குள் ஒட்டுதல் வருமா? ஜெர்மனியில் லைப்சிக்கில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. நான்கு வயதுக் குழந்தைகளை இரண்டிரண்டு பேராக விளையாடவிட்டார்கள். சில ஜோடிகள் பாடி, தாளம் போட்டு, சேர்ந்து நடந்தார்கள். மற்ற ஜோடிகள் பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடினார்கள். பிறகு ஒரு குழந்தையின் கோலிக்குண்டுகள் கொட்டிப்போகும்படி ஏற்பாடு செய்தார்கள். பாடி விளையாடிய குழந்தைகள் ஓடிப்போய் உதவியது அதிகம். ஆனால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சில நிமிடங்கள் ஆடியவர்கள். வகுப்பில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நான்கு விநாடி சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். அந்த அளவு ஒட்டுதலை இதிலிருந்து எதிர்பார்ப்பது அதிகம் என்றே நினைக்கிறேன்.

மரியாதைக்கும் இதே தடைதான். வகுப்பில் முழங்கும் பிள்ளை, கடைத்தெருவில் ஆசிரியரைக் கண்டதும் அம்மாவின் பின்னால் ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் கோபிப்பார்கள், பிள்ளையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் பழகியது தலைவனின் குரல், எழுதல், மூச்சு, வணக்கம் என்ற தொடரை. கடைத்தெருவில் தலைவனும் இல்லை, கூட இழுக்க 39 பேரும் இல்லை. ஒரு முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து வணங்குவது வேறு ஒரு பழக்கம். கூட்டத்தில் அதைக் கற்க முடியாது. வாயை மட்டும் அசைத்துத் தப்பவும் கூட்டத்தில் இடமுண்டு.

அந்த இன்னொரு பழக்கத்தைச் சோதித்த ஆய்வு 2018இல் அமெரிக்காவில் வெளியானது. 10 வகுப்புகள். அவற்றில் சிலவற்றின் ஆசிரியர்கள் வாசலில் நின்று ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி வரவேற்றார்கள், உள்ளே போனதும் என்ன வேலை என்பதையும் நினைவூட்டினார்கள். அந்த வகுப்புகளில் மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் நூற்றுக்கு 20 என்ற அளவில் கூடியது. இடைஞ்சல் நூற்றுக்கு 9 என்ற அளவில் குறைந்தது.

அதற்காக எழுந்து நின்று சொல்வதைக் கைவிட வேண்டியதில்லை. கோயில் தமிழ் வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், ஆளுக்கு நான்கு விநாடி வைத்தாலும் வாசல் வணக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். "வணக்கம் ஐயா, நான் செல்வி" என்று சொல்லி, "வா செல்வி" என்று கேட்டுவிட்டு உள்ளே போகட்டும். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு ஒன்றாக எழுந்து இழுத்துச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கலாம். பிள்ளைகள் அதிகமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளலாம்.