ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு: இல்லாவிட்டால் என்ன ஆகும்?

மேல்தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் சிறு போர்டுகளில் சில, ரிலே நல்ல நிலையில் இருந்தும் பழுதுக்கு வருகின்றன. ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரின் கலெக்டரும் எமிட்டரும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடுவதால், தொட்டி நிரம்பி வழிந்தாலும் ரிலே விடுவதில்லை. புது டிரான்சிஸ்டர் போட்டால் சில நாள் ஓடி மீண்டும் அதே பழுது வருமானால், காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

12 வோல்ட், 400 ஓம் காயிலில் 30 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதன் தூண்டல் அரை ஹென்றி என்று கொள்வோம். காயிலில் ஓடும் மின்னோட்டம் திடீரென்று நிற்க முடியாது. டிரான்சிஸ்டர் பாதையை அடைத்ததும், அதே திசையில் அதே 30 மில்லி ஆம்பியரைத் தொடர்ந்து செலுத்துவதற்காகக் காயில் தன் முனைகளின் மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கிக்கொள்கிறது; கலெக்டர் பக்க முனை 12 வோல்ட்டைத் தாண்டி மேலே எகிறுகிறது. போக வேறு வழியில்லாத அந்த மின்னோட்டம் 100 பிகோ ஃபாரட் அளவுள்ள உதிரிக் கொள்திறனை மட்டும் நிரப்புவதாகக் கணக்கிட்டால், V = I√(L/C) என்ற சூத்திரப்படி ஏறத்தாழ 2,100 வோல்ட் வரும். 45 வோல்ட் மட்டுமே தாங்கும் BC547 அதற்கு வெகு முன்பே உடைந்து கடத்தத் தொடங்கிவிடும். காயிலில் தேங்கியிருப்பது கால் மில்லி ஜூலுக்கும் குறைவான ஆற்றல்தான் என்பதால் முதல் அடியிலேயே அது சாகாது. ஒவ்வொரு முறை அணையும்போதும் அடி வாங்கி வாங்கித் தளர்ந்துபோகும்.

கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம் இருக்குமாறு 1N4007 டையோடு ஒன்றைக் காயிலுக்குக் குறுக்கே வைத்தால், டிரான்சிஸ்டர் அணையும் கணத்தில் மின்னோட்டம் அதன் வழியே காயிலுக்குள்ளேயே சுற்றி, காயிலின் தடையில் வெப்பமாகித் தீர்கிறது, கலெக்டர் 12.7 வோல்ட்டுக்கு மேல் ஏறுவதில்லை. டையோடைத் திருப்பி வைத்துவிட்டால், டிரான்சிஸ்டர் ஆன் ஆனவுடன் அது சப்ளையையே ஷார்ட் செய்யும்.

ஆனால் இந்தப் பாதைக்கும் ஒரு விலை உண்டு. டையோடு வெறும் 0.7 வோல்ட்டையே எதிர்த்து நிறுத்துவதால், காயில் மின்னோட்டம் முழுதாக அடங்க மூன்றரை மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. ஆர்மேச்சர் தயங்கித் தயங்கி விடும்போது கான்டாக்ட் மெதுவாகத் திறக்கிறது. மோட்டார் போன்ற சுமையை அது துண்டிக்கும்போது பொறி நீடித்து முனைகள் கருகுகின்றன, ஒட்டிக்கொள்வதும் உண்டு. டையோடு போட்ட போர்டிலும் ரிலே விடாமல் நின்றால், டிரான்சிஸ்டரைக் கழற்றும் முன் காயில் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அது சுழியாக இருந்தால் பழுது கான்டாக்ட்டில்தான்.

அப்படிப்பட்ட இடத்தில், டையோடுடன் 24 வோல்ட் ஜீனர் ஒன்றை எதிரெதிர்த் திசையில் தொடராகச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன். மின்னோட்டம் அரை மில்லி விநாடியில் அடங்குகிறது. கலெக்டர் 37 வோல்ட் வரை ஏறினாலும் BC547 அதைத் தாங்கும். 33 வோல்ட் ஜீனர் போட்டால் கலெக்டர் 45 வோல்ட்டைத் தாண்டிவிடும்.