இரைகிறது, ஆனால் சுற்றவில்லை: காலைக் குளிரில் நின்றுபோகும் கிரைண்டர்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: காலையில் சட்னி அரைக்கக் கிரைண்டரைப் போட்டால் "ம்ம்ம்" என்று இரைகிறது, பிளேட் அசைவதில்லை, நண்பகலில் அதே கிரைண்டர் ஒழுங்காக ஓடுகிறது. கடையில் காட்டியபோது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்றார்களாம். பிரஷ்ஷை மாற்றுமுன் அந்த இரைச்சலைக் கொஞ்சம் கேட்போம், ஏனெனில் பழுது எங்கே இல்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

மிக்சர் கிரைண்டரின் மோட்டரில் மின்னோட்டம் ஒரே தொடராகச் செல்கிறது. அது முதலில் வெளிச்சுருளுக்கும், அங்கிருந்து ஒரு பிரஷ் வழியாகச் சுழலும் ஆமேச்சருக்கும், பிறகு மறு பிரஷ் வழியாக மற்றச் சுருளுக்கும் போய்த் திரும்புகிறது. இதில் ஓரிடம் அறுந்தாலும் முழு மோட்டரும் மௌனமாகிவிடும். ஆகவே பிரஷ் தேய்ந்து தொடுகை முற்றாக விட்டுப்போன கிரைண்டர் இரைவதே இல்லை. இரைச்சல் கேட்கிறது என்றால் மின்னோட்டம் இரு பிரஷ்களையும் கடந்துதான் போகிறது. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் காந்தப்புலம் வினாடிக்கு 100 தடவை உச்சத்துக்கு வந்து தணிகிறது. ஒவ்வோர் உச்சத்திலும் இரும்புத் தகடுகள் இழுபட்டு அதிர்வதே நம் காதில் இரைச்சலாக விழுகிறது. மோட்டர் தள்ளுகிறது, எதிரே ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த நிலை மோட்டருக்கு ஆபத்தானது. ஆமேச்சர் சுழலும்போது அதிலேயே ஓர் எதிர் மின்னழுத்தம் பிறந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். 500 வாட் கிரைண்டர் ஓடும்போது ஏறத்தாழ 2 அம்பியர் எடுக்கும். நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லாமற்போய், மின்னோட்டம் அதைப்போலப் பல மடங்காகிச் சுருளைச் சுடவைக்கும். அடிப்பாகத்திலுள்ள சிவப்புப் பொத்தான் துள்ளி வெளியே வருவது இதனால்தான். இரைச்சல் கேட்டவுடன் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும்.

இனி, பிடித்து வைத்திருப்பது எது? பிளக்கைக் கழற்றிவிட்டு ஜாரை எடுங்கள். கிரைண்டரின் மேலுள்ள கப்ளரை விரலால் சுற்றினால், பிரஷ்கள் உரசும் மெல்லிய தடையோடு அது சுற்ற வேண்டும். பிறகு ஜாரைக் கவிழ்த்து அதன் அடியிலுள்ள கப்ளரைத் திருப்பிப் பாருங்கள். வாசகியின் வீட்டில் மேலே உள்ளது இலகுவாகச் சுற்றியது. ஜாரின் அடியிலுள்ளதோ விரலுக்கு அசையவே இல்லை.

காரணம் தேங்காய். பிளேடின் தண்டு ஜாரின் அடியில் ஒரு புஷ்ஷுக்குள் சுழல்கிறது. வாஷர் தேய்ந்த ஜாரில் தேங்காய்ப்பால் மெல்லக் கசிந்து அந்தப் புஷ்ஷுக்குள் இறங்கும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். கொழும்பில் அது பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். மலையகத்தில் இரவோடிரவாகத் தண்டையும் புஷ்ஷையும் சேர்த்து ஒட்டிவிடும். ஜாரில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பினால் பிளேட் இளகிச் சுற்றும்; அப்படிச் சுற்றினால் நோய் இதுதான். இறுக்கம் போகவென்று புஷ்ஷுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவோர் மறுநாள் காலையின் இறுக்கத்துக்குத் தாமே ஏற்பாடு செய்கிறார்கள். நிரந்தரத் தீர்வு வாஷரையும் புஷ்ஷையும் மாற்றுவதே. வெந்நீருக்கும் இளகாவிட்டால் உள்ளே துருப்பிடித்திருக்கக்கூடும்.

மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் எரியும் நேரத்தில், நீண்ட மின்கம்பியின் கடைசியிலுள்ள லயன்களில் மின்னழுத்தம் இறங்குவதுண்டு. இவ்வகை மோட்டரின் தொடக்க முறுக்கு விசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைகிறது: 230 வோல்ட் 190 ஆனால் விசை மூன்றில் இரண்டு பங்கே மிஞ்சும். ஓரளவு இறுகிய புஷ் அப்போது மோட்டரை வென்றுவிடும். பள்ளிக்கூடத்தில் பிளெமிங்கின் இடக்கை விதியைப் பரீட்சைக்காக மனனம் செய்விக்கிறோம். பழைய கிரைண்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டும் ஆய்வுகூடம் இருந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த விதி வேண்டியிராது என்பது என் எண்ணம்.

கப்ளர் தேய்ந்தால் ஒலி வேறு. அப்போது மோட்டர் கீச்சென்று முழு வேகத்தில் ஓடும், பிளேட் மட்டும் நிற்கும். பற்கள் மழுங்கி, சுற்றிலும் ரப்பர்த் தூள் கிடக்கும். மோட்டரின் மேலுள்ள கப்ளரை மாற்றுவதானால், மோட்டர் ஓடும் திசையிலேயே திருப்பினால்தான் அது கழலும். சுமை அதை எப்போதும் எதிர்ப்பக்கம் இறுக்கிக்கொண்டேயிருக்கும்.

பிரஷ்ஷின் தொடுகை முற்றாக விடாமல் அரைகுறையாயிருந்தாலும் மோட்டர் இரையக்கூடும்; எனவே ஜாரைக் கழற்றிய பின்னும் அது இரைந்து நின்றால் மட்டும் பிரஷ்ஷைப் பாருங்கள். பிளக் இல்லாதபோது கப்ளரைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து, மீண்டும் கணநேரம் போட்டுப் பார்க்கலாம். சில நிலைகளில் புறப்பட்டுச் சிலவற்றில் நின்றால், பிரஷ்ஷிலோ செப்புத் துண்டுகளாலான திசைமாற்றியிலோ கோளாறு. ஐந்தாறு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்ந்த பிரஷ்களைச் சோடியாகவே மாற்ற வேண்டும். நல்லவையென்றால் முன்பிருந்த பக்கமாகவே திரும்பச் செருக வேண்டும், ஏனெனில் அவற்றின் முனை திசைமாற்றியின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்தியிருக்கும். செப்பில் சீரான பழுப்புப் படிவு இருப்பது நல்லதே. ஓரிரு துண்டுகள் மட்டும் கருகி, எரிந்த வார்னிஷ் மணமும் வந்தால் ஆமேச்சரின் சுருள் போய்விட்டது. புதுப் பிரஷ் போட்டாலும் அது திரும்பாது.